ஒரே ஒரு கோடு வந்தால் என்ன அர்த்தம்? வீட்டில் ஆன்டிஜென் டெஸ்ட் எடுக்க ஒரு முழு வழிகாட்டி

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு தறிக்காரர் குடும்பம் இருக்கிறது. கல்லூரியில் படிக்கும் அவர்கள் பையனுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் தொண்டை கரகரத்தது. சாயங்காலம் உடம்பு லேசாகச் சுட்டது. இரவு ஒன்பது மணிக்கு மெடிக்கலில் வாங்கிய கோவிட் ஆன்டிஜென் கிட்டில் டெஸ்ட் எடுத்தார்கள், நெகட்டிவ். சனிக்கிழமை ஏற்காட்டில் இருக்கும் பாட்டியைப் பார்க்கப் போவதாக இருந்தது. பாட்டிக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது, பல வருடமாகச் சர்க்கரை. பையனின் அம்மா என்னிடம் கேட்டார்: "அண்ணா, நெகட்டிவ்னு வந்துடுச்சு. சனிக்கிழமை அம்மாவப் பாக்கப் போலாங்களா?"

நான் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன். மூக்கில் ஸ்வாப் விட்டு மாதிரி எடுப்பது என் அன்றாட வேலைகளில் ஒன்று. அதனால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். அதற்கு ஆம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. அந்த ஒற்றைக் கோடு எப்படி வருகிறது என்று தெரிந்தால்தான் அதை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும்.

சி கோடு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

கிட்டில் வரும் பிளாஸ்டிக் கேசட்டுக்குள் இருப்பது ஒரு மெல்லிய பட்டை. அதில் நாம் விடும் திரவம் ஊறிக்கொண்டே நகரும்போது, வைரஸின் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் நிறமேறிய ஆன்டிபாடிகளையும் சேர்த்து இழுத்துச் செல்லும். கோவிட் கிட்டில் பெரும்பாலும் தேடப்படுவது வைரஸின் உள்ளே இருக்கும் நியூக்ளியோகேப்ஸிட் என்ற புரதம். அது போதுமான அளவு இருந்தால் டி என்ற இடத்தில் நிறம் சேர்ந்து கோடாகத் தெரியும். சி என்ற இடத்தில் வரும் கோடு, திரவம் பட்டை முழுக்க ஓடியது, ஆன்டிபாடிகள் வேலை செய்கின்றன என்பதற்கான அடையாளம்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பெரும்பாலான வீட்டுக் கிட்டுகளில், ஸ்வாப்பை மூக்கில் விடாமலே, கிட்டோடு வரும் பஃபர் திரவத்தை மட்டும் ஊற்றினாலும் சி கோடு பளிச்சென்று வரும். மூக்கிலிருந்து மாதிரி சரியாக வந்ததா என்பதை அந்தக் கோடு சோதிப்பதில்லை. ஆகவே அரைகுறையாக எடுத்த ஸ்வாப்பும், உண்மையிலேயே வைரஸ் இல்லாத மூக்கும் கேசட்டில் ஒரே மாதிரிதான் தெரியும். மாதிரி சரியாக எடுக்கப்பட்டதா என்பதற்கு எடுத்தவரின் கை மட்டும்தான் சாட்சி. அதனால்தான் ஸ்வாப் எடுக்கும் பகுதியை இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என்றைக்கு எடுப்பது

அறிகுறி தொடங்கிய நாளைப் பூஜ்ஜியம் என்று வைத்துக்கொண்டு எண்ணுங்கள். காய்ச்சல் வந்த நாளிலிருந்து அல்ல. தொண்டைக் கரகரப்பு, மூக்கு ஒழுகல், உடம்பு வலி என்று எது முதலில் வந்ததோ அதிலிருந்து.

ஆன்டிஜென் டெஸ்ட்டுக்கு மூக்கில் நிறைய வைரஸ் வேண்டும். பரிசோதனைக் கூடத்தில் செய்யும் பிசிஆர் டெஸ்ட், இருக்கிற கொஞ்சத்தையும் பலமடங்கு பெருக்கிப் பார்க்கும். ஆன்டிஜென் டெஸ்ட்டுக்கு அந்த வசதி கிடையாது, இருப்பதை இருக்கிறபடியே பார்க்கும். கோவிட் புதிதாக வந்த 2020ல் அறிகுறி தெரியும் சமயத்திலேயே வைரஸ் உச்சத்தை ஒட்டி இருந்தது. இப்போது கிட்டத்தட்ட எல்லோருடைய உடம்புக்கும் தடுப்பூசியாலோ முந்தைய தொற்றாலோ அந்த வைரஸ் பழக்கம். எதிர்ப்புச் சக்தி சீக்கிரமே விழித்துக்கொள்வதால் தொண்டை வலியும் காய்ச்சலும் முன்கூட்டியே வந்துவிடுகின்றன. வைரஸ் உச்சத்துக்குப் போக இன்னும் மூன்று, நான்கு நாள் ஆகிறது. அதனால் அறிகுறி தொடங்கிய நாள் இரவே எடுக்கும் கோவிட் டெஸ்ட் பாதிக்கு மேல் தவறவிடலாம். மூன்றாம், நான்காம் நாளில் அதே கிட் நன்றாகப் பிடிக்கும். ஒரு வாரம் தாண்டினால் மறுபடி இறங்கும்.

2022ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு இதற்கு எண் கொடுக்கிறது. அறிகுறி உள்ளவர்களில் முதல் வாரத்தில் எடுத்தால் நூறு தொற்றில் ஏறத்தாழ 81ஐ ஆன்டிஜென் டெஸ்ட் பிடித்தது, இரண்டாம் வாரத்தில் 54தான். அறிகுறியே இல்லாதவர்களிடம் 55. இவை பல கிட்டுகளின் சராசரி.

ஃப்ளூ வேறு மாதிரி. அது அறிகுறிக்கு முந்தின நாளே மூக்கில் பெருகத் தொடங்கி, முதல் ஓரிரு நாளிலேயே உச்சத்துக்குப் போய்விடும். அதனால் ஃப்ளூ கிட்டை முதல் மூன்று நாளுக்குள் எடுத்துவிட வேண்டும். ஆனால் ஃப்ளூவுக்கான விரைவு ஆன்டிஜென் டெஸ்ட்டின் திறனே கோவிட் கிட்டைவிடக் குறைவு, உண்மையான ஃப்ளூவில் 50 முதல் 70 சதவீதம் வரைதான் பிடிக்கும். கோவிட், ஃப்ளூ இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் கிட்டை ஒரே ஒரு நாள் மட்டும் எடுத்தால், ஒன்றுக்கு நாள் சரியாக இருக்கும், மற்றதற்குப் பொருந்தாது. மூச்சுக் குழாயைத் தாக்கும் இன்னொரு வைரஸான ஆர்எஸ்விக்கான ஆன்டிஜென் டெஸ்ட் கைக்குழந்தைகளிடம் ஓரளவு நன்றாக வேலை செய்யும். பெரியவர்களின் மூக்கில் அந்த வைரஸ் குறைவாக இருப்பதால் அவர்களுக்கு அது அவ்வளவாக உதவாது.

உடம்புக்கு ஒன்றும் இல்லை, ஆனால் தொற்று உள்ளவருடன் ஒரே அறையில் இருந்தீர்கள் என்றால், அன்றைக்கே ஓடிப்போய் டெஸ்ட் எடுப்பது வீண். ஐந்து முழு நாள் கழித்து எடுங்கள். நடுவில் அறிகுறி வந்தால் மேலே சொன்ன கணக்குப்படி.

கிட்டைப் பார்த்து வாங்கி, பார்த்து வைப்பது

பெரும்பாலான கிட்டுகளை 2 முதல் 30 டிகிரி வரையிலான வெப்பத்தில் வைக்கச் சொல்லி அட்டையிலேயே அச்சடித்திருப்பார்கள். சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் நாற்பதைத் தொடும் வெயில். வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டிலும், ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலும் அதைவிட மோசம். அங்கே கிடந்த கிட்டில் ஆன்டிபாடிகள் கெட்டு, உண்மையான தொற்றைக்கூடப் பிடிக்காமல் போகலாம். அப்படிச் சூட்டில் கிடந்தது என்று தெரிந்தால் அந்தக் கிட்டில் வரும் நெகட்டிவை நம்ப வேண்டாம்.

மலைமேல் பிரச்சினை எதிர்ப்பக்கம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் மார்கழி விடியலில் வீட்டுக்குள்ளேயே குளிர் அடிக்கும். டெஸ்ட் எடுக்கும்போது கிட்டும் பஃபரும் 15 டிகிரிக்காவது வந்திருக்க வேண்டும். மிகக் குளிர்ந்த நிலையில் எடுத்தால் சில கிட்டுகளில் பொய்யான பாசிட்டிவ் வருவது ஆய்வில் தெரிந்திருக்கிறது. ஆகவே பையைக் கிழிக்காமல் அரை மணி நேரம் அறை வெப்பத்தில் வைத்திருங்கள். கிழித்துவிட்டுச் சூடாகட்டும் என்று வைத்தால், பனியும் ஈரமும் பட்டையில் இறங்கிவிடும். பஃபர், ஸ்வாப், கடிகாரம், டிஷ்யூ என்று எல்லாவற்றையும் எடுத்து வைத்த பிறகு, கடைசியாகக் கேசட் பையைக் கிழிப்பதே சரி. காலாவதி தேதியையும் அப்போதே பாருங்கள்.

ஸ்வாப் எடுக்கும் முறை

வீட்டுக் கிட்டுகளில் பெரும்பாலும் மூக்கின் முன்பகுதி ஸ்வாப்தான் இருக்கும். தொண்டையின் பின்பக்கம் வரை போகும் நீளமான ஸ்வாப் பயிற்சி பெற்றவர் கையில் மட்டும் இருக்க வேண்டியது. அதை வீட்டில் முயல வேண்டாம். அதேபோல, மூக்குக்கான கிட்டில் தொண்டையைத் துடைத்து விட்டால், எச்சிலும் சாப்பாட்டு மிச்சமும் பட்டையைக் குழப்பும். கிட்டோடு வரும் வழிமுறைத் தாளில் தொண்டை என்று இருந்தால் மட்டும் தொண்டை.

முதலில் மூக்கை மெதுவாகச் சிந்தி, சளியை வெளியேற்றுங்கள். பார்ப்பதற்குச் சளிதான் நமக்கு வேண்டிய மாதிரி என்று தோன்றும். ஆனால் நமக்கு வேண்டியது மூக்குச் சுவரில் இருக்கும் செல்களும் அதன் ஈரமும்தான். கெட்டியான சளி ஸ்வாப்பைப் போர்த்தி, பட்டையில் அடைப்பு உண்டாக்கும். மூக்கில் ஸ்ப்ரே அடித்திருந்தால் அரை மணி நேரம் பொறுங்கள். மூக்கில் ரத்தம் வந்துகொண்டிருந்தால் அன்று வேண்டாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள்.

ஸ்வாப் உறையைக் குச்சிப் பக்கத்திலிருந்து பிரித்து, பஞ்சு நுனி எதிலும் படாமல் பிடியுங்கள். தலையைச் சிறிது பின்னால் சாயுங்கள். பெரும்பாலானோர் திசையில்தான் தவறுகிறார்கள். நுனியை மேல்நோக்கி, நெற்றியைப் பார்த்து விடக்கூடாது. மூக்கின் தரை நெடுக, காதைப் பார்த்து நேராக உள்ளே போக வேண்டும். மேல்நோக்கிப் போனால் வலிக்கும், தேவையான இடமும் கிடைக்காது.

எவ்வளவு உள்ளே என்பது கிட்டுக்குக் கிட்டு மாறும். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 2 சென்டிமீட்டர், சில கிட்டில் 4 வரை. குழந்தைகளுக்கு அதில் பாதி, அதையும் பெரியவர் ஒருவர் எடுத்துவிட வேண்டும். தடை தட்டுப்படும் இடத்தில் நிறுத்துங்கள், தள்ளாதீர்கள்.

உள்ளே போனதும் ஸ்வாப்பைச் சுவரில் உறுதியாக அழுத்தி, குச்சியை விரலிடையே சுழற்றி, குறைந்தது ஐந்து சுற்று. நடுக்காற்றில் சுழன்றால் பயனில்லை. சுவரில் உராய்கிற உணர்வு உங்களுக்கே தெரிய வேண்டும். ஒரு மூக்குத் துவாரத்துக்குப் பத்துப் பதினைந்து வினாடி எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதே ஸ்வாப்பை மற்ற துவாரத்திலும் விட்டு அதே போலச் செய்யுங்கள். கண் கலங்கி, தும்மல் வருவது போல் இருந்தால் பெரும்பாலும் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். ஒன்றுமே உணராமல் ஐந்தே வினாடியில் முடிந்திருந்தால், அந்த மாதிரியை எனக்குப் பார்க்கப் பிடிக்காது. இன்னொரு ஸ்வாப் இருந்தால் மறுபடி எடுங்கள். எடுத்த ஸ்வாப்பை மேஜையில் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போகாதீர்கள். காய்ந்த மாதிரியிலிருந்து புரதம் சரியாக வெளிவராது.

குழாயும் சொட்டும்

ஸ்வாப் நுனியைப் பஃபர் குழாய்க்குள் முக்கி, குழாயின் சுவரில் அழுத்தியபடி பத்து முறைக்குக் குறையாமல் சுழற்றுங்கள். தாளில் ஒரு நிமிடம் ஊற விடச் சொல்லியிருந்தால் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம். ஸ்வாப்பை வெளியே எடுக்கும்போது குழாயின் இரு பக்கத்தையும் விரலால் பிதுக்கி, பஞ்சிலுள்ள திரவம் முழுவதையும் வழித்து எடுக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் நீங்கள் கஷ்டப்பட்டு எடுத்த மாதிரியில் பாதி குச்சியோடு குப்பைக்குப் போய்விடும்.

கேசட்டைச் சமதளத்தில் வைத்து, தாளில் சொன்ன அளவு மட்டும் சொட்டு விடுங்கள். சில கிட்டில் இரண்டு, சில கிட்டில் மூன்று, நான்கு. குமிழியாக விழுந்த சொட்டைச் சொட்டாகக் கணக்கில் எடுக்காதீர்கள். கோடு தெரியவில்லையே என்று கூடுதலாகச் சொட்டு ஊற்றினால், திரவம் பட்டையில் வெள்ளமாக ஓடி, கோட்டைக் கலைத்துவிடும்.

பஃபர் பற்றி ஒரு எச்சரிக்கை. அதில் சோப்பு போன்ற பொருளும் கெடாமல் இருக்கச் சேர்த்த ரசாயனமும் உண்டு. கண்ணில் பட்டால் தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள், குழந்தைகள் எட்டாத இடத்தில் வையுங்கள்.

நேரம் பார்த்துப் படிப்பது

சொட்டு விட்ட நொடியிலிருந்து பதினைந்து நிமிடம். இருபது நிமிடத்துக்குப் பிறகு பார்க்கக்கூடாது என்பதே பெரும்பாலான கிட்டுகளின் விதி. உங்கள் கிட்டின் தாளில் வேறு நேரம் இருந்தால் அதுதான் கணக்கு. பதினைந்து நிமிடத்துக்கு முன்னால் நெகட்டிவ் என்று முடிவு செய்யவும் கூடாது, ஒரு மணி நேரம் கழித்துக் குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்து "இப்போது ஒரு கோடு தெரிகிறதே" என்று பயப்படவும் கூடாது. பட்டை காயும்போது வரும் நிழலை டி கோடு என்று எண்ணிவிடுவார்கள்.

சி கோடு வரவில்லையென்றால் அந்த டெஸ்ட் செல்லாது, டி கோடு வந்திருந்தாலும் சரி. சி கோட்டோடு டி கோடும் குறித்த நேரத்துக்குள் வந்தால், அது எவ்வளவு மங்கலாக இருந்தாலும் பாசிட்டிவ்தான். நல்ல வெளிச்சத்தில் பார்த்து, ஃபோட்டோ எடுத்து வையுங்கள்.

பாசிட்டிவை இவ்வளவு நம்பக் காரணம் உண்டு. தொற்று இல்லாதவரைத் தவறாகப் பாசிட்டிவ் என்று காட்டுவது இந்தக் கிட்டுகளில் ஆயிரத்தில் ஒருசிலரிடம்தான் நடக்கிறது. இந்தியாவில் 2021 மே மாதம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் வீட்டுக் கிட்டுக்கு அனுமதி கொடுத்தபோதும் இதையேதான் சொன்னது: பாசிட்டிவ் வந்தால் மறுபரிசோதனை வேண்டாம், ஆனால் அறிகுறி இருந்தும் நெகட்டிவ் வந்தால் பிசிஆர் எடுக்க வேண்டும். அறிகுறியும் இல்லை, யாரோடும் தொடர்பும் இல்லை என்ற நிலையில் திடீரென வந்த பாசிட்டிவுக்கு மட்டும் பிசிஆரால் ஒருமுறை உறுதி செய்துகொள்வது நல்லது.

பையனின் கணக்கு

இப்போது அந்த வீட்டுக்கு வருவோம். அந்த வாரம் பையனின் வகுப்பில் இரண்டு பேருக்குக் கோவிட் என்று தெரிந்திருந்தது. இப்படிப்பட்ட நூறு பேரில் நாற்பது பேருக்கு உண்மையிலேயே கோவிட் இருப்பதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். முதல் நாள் கிட் அதில் பாதியைப் பிடிக்கும் என்றால், இருபது பேர் பாசிட்டிவ், இருபது பேர் தவறி நெகட்டிவ். தொற்று இல்லாத அறுபது பேரும் நெகட்டிவ். ஆக நெகட்டிவ் வந்தது மொத்தம் எண்பது பேர், அதில் இருபது பேருக்குக் கோவிட் இருக்கிறது. நான்கில் ஒன்று. பாட்டி வீட்டுக்குப் போக இந்த ஒற்றைக் கோடு போதாது.

48 மணி நேரம் கழித்து அந்த எண்பது பேரும் புதுக் கிட்டில் மறுபடி எடுக்கிறார்கள். இப்போது வைரஸ் ஏறியிருப்பதால் கிட் நான்கில் மூன்றைப் பிடிக்கிறது என்று வைத்தால், இருபதில் பதினைந்து பேர் வெளிப்பட்டுவிடுவார்கள், ஐந்து பேர் தவறுவார்கள். மிச்சமிருக்கும் அறுபத்தைந்து நெகட்டிவில் ஐந்து என்றால் பதின்மூன்றில் ஒன்று. முன்னைவிட எவ்வளவோ பரவாயில்லை, ஆனால் பூஜ்ஜியம் அல்ல. இந்தக் கணக்கு ஸ்வாப் இரண்டு முறையும் ஒழுங்காக எடுக்கப்பட்டது என்ற நம்பிக்கையில் போட்டது. இரண்டாவது முறையும் அதே மாதிரி மேலோட்டமாக எடுத்தால் அதே தவறுதான் திரும்ப வரும், வாய்ப்பு குறையாது.

2022 ஆகஸ்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ சொன்னதும் இதுதான்: அறிகுறி இருந்து நெகட்டிவ் வந்தால் 48 மணி நேரம் கழித்து இரண்டாவது டெஸ்ட். அறிகுறி இல்லாமல் தொடர்பு மட்டும் இருந்தால் 48 மணி நேர இடைவெளிகளில் மொத்தம் மூன்று.

பையனிடம் விசாரித்தபோது, செவ்வாய் இரவு தும்மல் வருகிறது என்று நுனியைத் துவாரத்தின் ஓரத்தில் மட்டும் தடவிவிட்டு எடுத்துவிட்டான் என்று தெரிந்தது. வியாழன் இரவு நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள, அவனே எடுத்தான். பன்னிரண்டாம் நிமிடத்தில் மங்கலாக ஒரு டி கோடு எழுந்தது, பதினைந்தில் இன்னும் தெளிவானது. பாட்டி வீட்டுப் பயணத்தைத் தள்ளிவைத்தார்கள். காய்ச்சல் விட்ட பிறகு, 48 மணி நேர இடைவெளியில் இரண்டு நெகட்டிவ் வந்தால் போகலாம் என்று சொன்னேன்.

நெகட்டிவ் வந்தும் விடக்கூடாத இடங்கள்

எழுபது வயதைத் தாண்டியவர், சர்க்கரை, இதயம், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர், கர்ப்பிணி, கைக்குழந்தை ஆகியோருக்குக் காய்ச்சல் வந்தால் கிட்டின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். ஃப்ளூவுக்கான ஓசெல்டாமிவிர் முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாகப் பயன்படும். ஆன்டிஜென் நெகட்டிவ் வந்துவிட்டது என்று இரண்டு நாள் கழிந்தால் அந்த வாய்ப்பு நழுவிப் போகும். டாக்டர் பார்வைக்கு ஃப்ளூ போலத் தெரிந்தால், நெகட்டிவை ஒதுக்கிவிட்டு மருந்து தொடங்குவதும் உண்டு, அது சரியானதும்கூட.

மூச்சு வாங்குதல், நெஞ்சில் அழுத்தம், குழப்பமான பேச்சு, சிறுநீர் குறைவது, விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரில் 94க்குக் கீழ் காட்டுவது என்றால், கிட்டை எடுக்கக்கூட நேரம் செலவழிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள், இரவில் மூடுபனியும் சேரும். அதனால் மலைமேல் இருப்பவர்கள் சாயங்காலமே முடிவெடுத்துவிடுவது நல்லது.

கோவிட் நெகட்டிவ் என்றால் காய்ச்சலுக்குக் காரணம் இல்லை என்று அர்த்தம் இல்லை. மழைக்காலத்தில் கண்ணுக்குப் பின்னால் வலியும், கடுமையான உடம்பு வலியும், சளி இருமலே இல்லாத காய்ச்சலும் என்றால் டெங்குவை நினைக்க வேண்டும். அதற்கு மூக்கு ஸ்வாப் உதவாது, ரத்தம் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். முதல் ஐந்து நாளுக்குள் என்எஸ்1 டெஸ்ட், அதோடு தட்டணு எண்ணிக்கை. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் எத்தனை நெகட்டிவ் கோடு கையில் இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சளியைக் காசநோய்ப் பரிசோதனைக்குக் கொடுங்கள். அது அங்கே இலவசம்.